வீராங்கனையின் மாதவிடாய்க் கணக்கு: எந்தக் கட்டம் என்பதைவிட வந்ததா என்பது முக்கியம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு ஸ்நாட்ச்சில் 88 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111 கிலோவும் தூக்கினார். மொத்தம் 199. வெண்கலம் 200 கிலோவுக்குப் போனது. போட்டி முடிந்து பேசும்போது, அது தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும் உடலில் கொஞ்சம் சோர்வு இருந்தது என்றும் சொன்னார். 2016 ரியோவில் சீன நீச்சல் வீராங்கனை ஃபு யுவான்ஹுய் இதையே சொன்னபோது உலகமே வியந்தது. இந்த முறை இந்தியாவில் பல வீடுகளில் அதைச் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். நல்ல மாற்றம்தான்.

ஆனால் அந்த ஒரு கிலோவை மாதவிடாய்தான் பறித்ததா என்று கேட்டால், வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 2002இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த பாலா ராட்கிளிஃபுக்கும் அன்று மாதவிடாய்தான். கடைசிப் பகுதியில் வயிற்றைப் பிடித்து இழுத்தது என்று பிறகு சொன்னார். அந்த வலியோடுதான் சாதனை வந்தது. இரண்டு பேர், இரண்டு உடல்கள், இரண்டு முடிவுகள். இதிலிருந்து பொதுவிதி எடுக்க முடியாது என்பதுதான் இந்தத் துறையில் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது.

ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. 2020இல் 78 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு பெரிய தொகுப்பு வெளியானது. உதிரப்போக்கு இருக்கும் முதல் சில நாட்களில் செயல்திறன் மிக மிகச் சிறிய அளவில் குறையலாம் என்பது அதன் முடிவு. சேர்க்கப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்பதையும், ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம் என்பதையும் அந்த ஆய்வாளர்களே எழுதி, எல்லோருக்கும் ஒரே விதி வேண்டாம், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாருங்கள் என்றார்கள். இன்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகளோ, முதல் வாரம் யோகா, இரண்டாம் வாரம் பளு, மூன்றாம் வாரம் ஓட்டம், நான்காம் வாரம் ஓய்வு என்று அடித்துச் சொல்கின்றன. அதற்கு அடிப்படை கிடையாது. மாதத்தில் ஒரு வாரத்தைக் காரணமில்லாமல் ஓய்வாக்கினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வாரப் பயிற்சி போய்விடும். அந்த இழப்பு நிச்சயம். கிடைக்கும் என்று சொல்லப்படும் லாபம்தான் சந்தேகம்.

அட்டவணைகளின் இன்னொரு கோளாறு 14ஆம் நாள் கணக்கு. சுழற்சியை உதிரப்போக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கருமுட்டை வெளிவரும் வரை முதல் பாதி. அதில் ஈஸ்ட்ரோஜன் மெல்ல ஏறி, முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் உச்சத்தைத் தொடுகிறது. அதன் பிறகு இரண்டாம் பாதி. அதில் புரோஜெஸ்டிரோன் ஏறி, கர்ப்பம் இல்லையென்றால் இரண்டு ஹார்மோன்களும் சரிந்து அடுத்த உதிரப்போக்கு தொடங்குகிறது. 21 நாள் முதல் 35 நாள் வரை எதுவும் இயல்பான சுழற்சிதான். இரண்டாம் பாதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே நிற்கும். நீள்வதும் குறுகுவதும் முதல் பாதி. ஆகவே 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளிவருவது 21ஆம் நாளை ஒட்டி. கைபேசிச் செயலி அவருக்கும் 14ஆம் நாளைக் காட்டினால் அதன் பிறகு அது சொல்லும் எதுவும் பொருந்தாது. அதோடு, மாதாமாதம் சரியாக உதிரப்போக்கு வந்தாலும் எல்லா மாதமும் முட்டை வெளிவருகிறது என்று அர்த்தமில்லை. எந்தக் கட்டம் என்று உறுதியாகத் தெரிய, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதைக் காட்டும் பட்டையையும் ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவையும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு அது அவசியம். மாவட்ட அளவில் ஓடும் ஒரு பெண்ணுக்கு அது தேவையில்லை. அவளுக்கு ஒரு நோட்டுப் போதும்.

அந்த நோட்டில் நான்கே விஷயம். உதிரப்போக்கு தொடங்கிய தேதி. ஒவ்வொரு நாளும் எத்தனை நாப்கின் மாற்றினாள், கட்டி இருந்ததா. வலி, பத்துக்கு எவ்வளவு. அன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாகத் தோன்றியது, அதுவும் பத்துக்கு. நான்காவது வரியைப் பயிற்சி முடிந்து அரைமணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். ராத்திரி படுக்கும்போது எழுதினால் அந்த நாளின் மற்ற அலுப்பெல்லாம் அதில் ஏறிவிடும். தூக்கமோ வயிற்றுப்போக்கோ எரிச்சலோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ஓரத்தில் ஒரு சொல் போதும்.

மூன்று சுழற்சி முடிந்த பிறகுதான் அதை வாசிக்க வேண்டும். ஒரே வகைப் பயிற்சியை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். உதாரணமாக, ஆறு முறை 800 மீட்டர், அதே வேகம், அதே மைதானம். சாதாரண நாளில் இதற்கு 7 போடும் பெண் முதல் நாளில் மட்டும் 9 போடுகிறாள், மூன்று சுழற்சியிலும் அப்படியே என்றால் அது அவளுடைய உண்மை. அந்தப் பயிற்சியை ரத்து செய்ய வேண்டியதில்லை. மூன்றாம் நாளுக்குத் தள்ளினால் போதும். முதல் நாளில் மெதுஓட்டம் வைத்துக்கொள்ளலாம். ஒரு சுழற்சியில் 9, அடுத்ததில் 6, அதற்கடுத்ததில் 7 என்று வந்தால் மாதவிடாய்க்கும் அவளுடைய ஓட்டத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. எதையும் மாற்ற வேண்டாம். பலருக்கு இந்த இரண்டாவது விடைதான் கிடைக்கும். அதுவும் பயனுள்ள விடைதான். போட்டித் தேதியோடு பீரியட்ஸ் சேர்ந்து வந்தால் இனி அவள் பயப்பட மாட்டாள்.

முதல் நாளில் 9 போடுபவருக்குப் பெரும்பாலும் காரணம் தசைப் பலம் குறைந்தது அல்ல. வலியும், முந்தைய இரவு கெட்ட தூக்கமும், வயிற்றுப்போக்கும்தான். கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் குடலையும் விட்டுவைப்பதில்லை. மெஃபனமிக் அமிலம், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாவதையே தடுப்பவை. அதனால் வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் பாதிப் பலன்தான். உதிரப்போக்கு தொடங்கும் அறிகுறி தெரிந்ததும், ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மருத்துவர் சொன்ன அளவில் போட வேண்டும். ஒரே எச்சரிக்கை: வெயிலில் நீண்ட தூரம் ஓடும் நாளில் இந்த மாத்திரைகள் வேண்டாம். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். போட்டிக்காகத் தேதியைத் தள்ளிப்போட நோர்எதிஸ்டிரோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அது ஹார்மோன் மாத்திரை; ரத்தம் உறையும் தொந்தரவு குடும்பத்தில் இருந்தால் ஆபத்து; சிலருக்கு உடலில் நீர் கோத்துக்கொள்ளும். போட்டியின் போதுதான் முதல்முறையாக அதைப் போட்டுப் பார்ப்பது என்பது மோசமான யோசனை. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுபவர் அதைப் படிவத்தில் எழுதவும் வேண்டும்.

இரண்டாம் பாதியில் உடல் வெப்பநிலை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடும். ஓய்வுநேர நாடித் துடிப்பும் ஓரிரண்டு ஏறும். திருச்சியிலோ மதுரையிலோ மே மாதம் மாலை நாலு மணிக்குப் பயிற்சி செய்பவருக்கு அந்த வாரத்தில் வெயில் கொஞ்சம் கூடுதலாக உறைக்கலாம். பயிற்சியை அரைமணி தள்ளி வைத்து, தொடங்கும் முன் குளிர்ந்த நீர் குடித்தால் போதும். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த நாட்களில் உடல் இன்னும் தேறவில்லை என்று வாட்ச் சொல்வதற்கு இந்த ஓரிரு துடிப்பே காரணமாக இருக்கலாம். அதைப் பார்த்துப் பயிற்சியைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது முழங்கால். திசைமாறி ஓடும், குதித்து இறங்கும் ஆட்டங்களில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, கபடி எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை ஒட்டிய நாட்களில் மூட்டின் தளர்ச்சி சற்றுக் கூடுவதாக அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தளர்ச்சிதான் காயமாகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்து தேசிய அணிகளின் கால்பந்து வீராங்கனைகளிடம் நான்கு ஆண்டுகள் பதிவான 156 காயங்களை அலசிய 2021ஆம் ஆண்டு ஆய்வில், தசை மற்றும் தசைநாண் காயங்கள் முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களில் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன. கட்டங்களை நாட்காட்டிக் கணக்கில்தான் பிரித்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை; ஆகவே இதை வைத்து யாரையும் அந்த நாட்களில் வெளியே உட்கார வைக்க முடியாது. பதினொரு பேர் ஆடும் அணியில் தினமும் யாராவது ஒருவர் அந்த நாட்களில் இருப்பார்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. ஐந்தில் ஒரு காயம், மாதவிடாய் வர வேண்டிய தேதி தாண்டியும் வராதிருந்த வீராங்கனைகளுக்கு ஏற்பட்டது. எனக்கு அந்த முதல் எண்ணைவிட இதுதான் கவலை தருவது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முழங்காலைக் காப்பது எந்த நாளிலும் ஒரே வேலைதான். ஃபிஃபா 11+ என்ற தொடக்கப் பயிற்சி, சுமார் 20 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை. அதில் ஓட்டம், பிளாங்க், முழங்காலிட்டுப் பின்தொடைத் தசையால் உடலைத் தாங்கியபடி மெல்ல முன்னால் சரியும் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது, திசைமாறி ஓடுவது ஆகியவை உண்டு. பயிற்சியாளர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: குதித்து இறங்கும் கணத்தில் முழங்கால் உள்பக்கமாக மடிகிறதா, கால் விரல்களுக்கு நேராக நிற்கிறதா. உள்பக்கம் மடிந்தால் குதிக்கும் உயரத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் இறங்கச் சொல்லித் திருத்த வேண்டும். இப்படிப்பட்ட பயிற்சிகளை விடாமல் செய்த பெண்கள் அணிகளில் இந்தத் தசைநார் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. எந்த மாதவிடாய் அட்டவணையும் இதற்கு அருகில்கூட வராது.

ரத்த இழப்பைப் பற்றி ஒரு பத்தி அவசியம். ஒரு சுழற்சியில் 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போவது வழக்கம்; 80க்கு மேல் போனால் அதிகப்போக்கு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு என்று வைத்தால், 80 மில்லிலிட்டரில் 40 மில்லிகிராம் போகிறது. மில்லிலிட்டரை யாரும் அளப்பதில்லை. அதற்காகத்தான் நோட்டில் நாப்கின் எண்ணிக்கை. ஒன்று இரண்டு மணிக்கொரு முறை நனைந்து மாற்றுவது, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது ஆகியவை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. அப்படிப்பட்டவர் ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்கிறது என்று திருப்தியடையக் கூடாது. உடலில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைவதற்கு மாதக்கணக்கில் முன்பே அது குறைந்துவிடும். 30, 35க்குக் கீழே இருந்தால் விளையாட்டு மருத்துவர்கள் இரும்புக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தம் கொடுப்பது காய்ச்சல், சளி இல்லாத நாளில், கடும் பயிற்சிக்கு மறுநாள் அல்லாத காலையில். இல்லையென்றால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது தடுப்புக்கு, ஏற்கெனவே குறைந்துபோனவருக்குச் சிகிச்சை அல்ல. சிகிச்சை மாத்திரையைக் காலையில், எலுமிச்சைச் சாறோடு, டீ காபிக்கு ஒரு மணி நேரமாவது முன்பு எடுப்பது நல்லது. கடும் பயிற்சிக்கு மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் உச்சத்தில் இருக்கும்; அந்த நேரத்தில் விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி வீண்.

இனி வராத மாதவிடாய். நான் மிக அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

நீண்ட தூரம் ஓடும் பெண்களிடையே, பயிற்சி கடுமையானால் பீரியட்ஸ் நிற்பது சகஜம், அது நல்ல உடல்கட்டின் அடையாளம் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. தொல்லை விட்டது என்று நிம்மதியடைபவர்களும் உண்டு. உண்மையில் அங்கே நடப்பது இதுதான். உணவில் வரும் ஆற்றலில் பயிற்சி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீதி இருப்பதில்தான் இதயம், மூளை, எலும்பு, ரத்தம் எல்லாம் நடக்க வேண்டும். அந்த மீதி போதாதபோது, மூளையின் ஹைபோதலாமஸ் இனப்பெருக்கச் செலவை முதலில் வெட்டுகிறது. எல்.எச். ஹார்மோனின் துடிப்பு மந்தமாகிறது, முட்டை முதிர்வதில்லை, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத எலும்பு புதுப்பிக்கப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது. மீதி ஆற்றலைக் கணக்கிட ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு: சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். 45 நல்ல நிலை. 2003இல் வெளியான லவுக்ஸ், தூமா ஆகியோரின் ஆய்வில், சீரான மாதவிடாய் உள்ள 29 பெண்களுக்கு இந்த எண்ணைக் குறைத்துப் பார்த்தபோது, 30க்குக் கீழே போனவர்களுக்கு ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு குலைந்தது. 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் கோடு அல்ல. சிலருக்கு 35இலேயே சிக்கல் வரும். ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள நல்ல கருவி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 19 வயது, 5,000 மீட்டர் ஓடும் பெண், கல்லூரி விடுதியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எடை 50 கிலோ, கொழுப்பு 18 சதவீதம். கொழுப்பு நீங்கிய எடை 41 கிலோ. நோட்டில் அவளுடைய சுழற்சிகள் 29 நாள், 31, 36, 44. அதன் பிறகு 70 நாளாக எதுவும் இல்லை. அதே மாதங்களில் வாரத்துக்கு 60 கிலோமீட்டராக இருந்த ஓட்டம் 85 ஆகியிருக்கிறது. நேரமும் முன்னேறியிருக்கிறது. எடை சற்றுக் குறையும் முதல் சில மாதங்களில் ஓட்டம் வேகமெடுப்பது உண்டு. ஆபத்தை எல்லோரும் தவறவிடுவதும் அதனால்தான். அவள் உணவைக் குறைக்கவில்லை. ஓட்டம் கூடியபோது உணவு கூடவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய ஒரு நாள் இப்படி: ஐந்து மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும், சுமார் 100 கலோரி. ஐந்தரைக்கு 12 கிலோமீட்டர். எட்டரைக்கு விடுதியில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி, 400. மதியம் சாதம், சாம்பார், பொரியல், மோர், 600. நாலு மணிக்கு டீயும் கொஞ்சம் சுண்டலும், 200. மாலை 4 கிலோமீட்டர் மெதுஓட்டம். இரவு சப்பாத்தி, குருமா, 500. ஒரு வாழைப்பழம், 100. மொத்தம் 1,900. ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் என்றால், 16 கிலோமீட்டருக்கு 800. மீதி 1,100. அதை 41ஆல் வகுத்தால் 27.

பட்டினி கிடக்காத, மூன்று வேளையும் சாப்பிடும் ஒரு பெண் 27இல் நிற்கிறாள். விடுதிச் சாப்பாடு சாதாரண மாணவிக்குப் போதுமானது. 16 கிலோமீட்டர் ஓடுபவளுக்குப் போதாது. இன்னொரு சிக்கல், அவள் இரவு எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடாமல் நடுவில் 12 கிலோமீட்டர் ஓடுகிறாள். நாள் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும்கூட, இப்படி நீண்ட பற்றாக்குறை நேரங்கள் ஹார்மோன்களைப் பாதிக்கின்றன.

திருத்தமும் அதே சமையலறையில்தான். ஓடும் முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்து அரைமணிக்குள் இரண்டு அவித்த முட்டை, ஒரு தம்ளர் பால். கூடுதல் 380 கலோரி. மீதி ஆற்றல் 36 ஆகிறது. மாலை மெதுஓட்டத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்தினால் செலவில் 200 குறையும், எண் 41. மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம், 170 கலோரி. எண் 45ஐத் தொட்டுவிடும். முட்டை சாப்பிடாதவர் பாலையும் கடலையையும் கூட்டிக்கொள்ளலாம். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். ஏற வேண்டும். எடை ஏறாமல் மாதவிடாய் திரும்பும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

எத்தனை நாளில் திரும்பும்? சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். எலும்பு அதைவிடத் தாமதமாகத் தேறும். இளவயதில் சேர்க்காமல் விட்ட அடர்த்தியில் ஒரு பகுதி திரும்பாமலே போகலாம். அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன் 2019இல் வெளிப்படையாகச் சொன்னது நினைவிருக்கலாம்: எடையைக் குறைக்கச் சொல்லும் அழுத்தத்தில் மூன்று ஆண்டு மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. பதினேழு வயதில் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஓடியவர் அவர்.

மருத்துவரிடம் போக வேண்டிய எல்லைகள் தெளிவானவை. மூன்று மாதம் வரவில்லை என்றால். சுழற்சி 35 நாளைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டால். 15 வயது முடிந்தும் பூப்படையவில்லை என்றால். முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடயால். இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் மாதிரி தெரிகிறது என்று சொல்லி, பி.சி.ஓ.எஸ். என்று பெயர் வைத்து, அரிசியைக் குறை, எடையைக் குறை, உடற்பயிற்சியைக் கூட்டு என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆற்றல் பற்றாக்குறையால் நின்றவர்களிலும் கணிசமானவர்களுக்கு ஸ்கேன் அதே மாதிரி தெரியும். வித்தியாசம் ரத்தத்தில் இருக்கிறது: பற்றாக்குறையில் எல்.எச். தாழ்ந்தும் எஸ்ட்ரடயால் தாழ்ந்தும், கருப்பையின் உள்படலம் மெலிந்தும் இருக்கும். ஆண் ஹார்மோன் கூடியிருக்காது, முகத்தில் முடி வளர்ச்சியோ கூடுதல் பருவோ இருக்காது. 27இல் நிற்கும் பெண்ணிடம் இன்னும் குறைத்துச் சாப்பிடச் சொன்னால் என்ன ஆகும் என்று மேலே உள்ள கணக்கைப் பார்த்தாலே தெரியும். ஆகவே போகும்போது நோட்டையும் ஒரு வாரச் சாப்பாட்டுப் பட்டியலையும் ஓடிய தூரத்தையும் எடுத்துப்போய் மருத்துவர் முன் வைக்க வேண்டும்.

இன்னொரு பொறி, கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் வர வைப்பது. அப்படி வருவது மாத்திரையை நிறுத்தும்போது வரும் உதிரப்போக்கு. சினைப்பையும் ஹைபோதலாமஸும் தேறியதற்குச் சான்று அல்ல. எலும்பை அது காப்பாற்றுவதில்லை. நோட்டில் தேதி ஒழுங்காக விழும், பற்றாக்குறை உள்ளே தொடரும். உணவைத் திருத்திய பிறகும் நீண்ட நாள் வராதவர்களுக்கு, எலும்பைக் காக்க ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுக்கும் முறை இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் அனுபவமுள்ள மருத்துவர்.

மாதவிடாய் நின்றிருக்கும் ஓட்டக்காரிக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தால் அதைச் சாதாரண ஷின் வலி என்று தைலம் தேய்த்து விடக் கூடாது. சாதாரண வலி எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருக்கும், உடல் சூடானதும் குறையும். எலும்பில் விரிசல் தொடங்கினால் ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலிக்கும், ஓட ஓடக் கூடும், அந்தக் காலில் நின்று ஒருமுறை எம்பினால் சுருக்கென்று குத்தும், முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாமலிருப்பது சகஜம்; எக்ஸ்ரே நார்மல் என்று திரும்ப ஓட வைத்து முழு முறிவாக்கியவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. தான் சொல்லும். இடுப்பு மடிப்பில், தொடை தொடங்கும் இடத்தில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி, காலை ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

கடைசியாக, அந்த நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி. நம் விளையாட்டு விடுதிகளில் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். பதினாலு வயதுப் பெண் "சார், இன்னைக்கு எனக்குப் பீரியட்ஸ்" என்று சொல்ல வேண்டிய நிலையை உருவாக்குவது சரியல்ல. சொல்லாமல் மறைத்து வலியோடு ஓட விடுவதும் சரியல்ல. நோட்டு பெண்ணிடமே இருக்கட்டும். விடுதி வார்டனோ பிசியோதெரபிஸ்ட்டோ, பெண்ணாக இருக்கும் ஒருவர் மாதம் ஒருமுறை அவளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டியது இரண்டே தகவல்: இன்றைய கடும் பயிற்சியை வேறு நாளுக்கு மாற்ற வேண்டுமா, இந்தப் பெண்ணை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா. தேதி தேவையில்லை, எண்ணிக்கை தேவையில்லை. அணித் தேர்வுக் கூட்டத்தில் அந்த நோட்டு மேசைக்கு வரக் கூடாது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து எல்லா நோட்டிலும் 28 நாள் என்றே எழுதியிருக்கும்.